தரம் 11 வகுப்புப் படம்: பெற்றோர் அடிக்கடி கேட்ட கேள்விகளும் வகுப்பாசிரியரின் பதில்களும்

ரீச்சர், அந்தப் பிள்ளை அண்டைக்குப் பள்ளிக்கூடமே வரேல்லை எண்டு என்ர மகள் சொல்றாள். பிறகெப்பிடிப் படத்தில நிக்குது?

மகள் சொன்னது சரி. வகுப்புப் படம் எடுத்த வியாழக்கிழமை 33 பேர் வந்திருந்தார்கள், ஒருவர் வரவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவியை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே கமராவால் தனியாக எடுத்து, முதல் படத்தில் பின்வரிசையின் இடது ஓரத்தில் சேர்த்திருக்கிறோம். அந்த மாணவியும் பெற்றோரும் சம்மதித்து, அதிபரும் அனுமதித்த பிறகுதான் வேலை தொடங்கியது.

படத்தின் கீழ்ப்பட்டியில் அவருடைய பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் “அன்று சமுகமளிக்கவில்லை, படம் பின்னர் எடுத்துச் சேர்க்கப்பட்டது” என்று அச்சிட்டிருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் பிள்ளைகள் சொல்லிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்ததால்தான் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி அனுப்புகிறேன்.

இதுக்கு ஆர் ஆரிட்டக் கேட்டனீங்கள்? தாய் தகப்பன் ஓம் எண்டால் காணுமோ?

காணாது. முதலில் பிள்ளையிடம்தான் கேட்டேன், அதுவும் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் இல்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் எந்தப் பிள்ளையும் ஓம் என்றுதான் தலையாட்டும், அதைச் சம்மதம் என்று எடுக்க முடியாது. இரண்டு நாள் யோசிக்கச் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றி எடுக்கும் முடிவில் அவர்களுடைய கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை சொல்கிறது, இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் முகம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பெற்றோரிடம் கடிதம் வாங்கினேன். “படம் எடுக்கச் சம்மதம்” என்று ஒரு வரியில் அதை முடிக்கவில்லை. தனியாக எடுத்து வகுப்புப் படத்தில் சேர்ப்போம், சேர்த்ததைப் படத்திலேயே எழுதுவோம், 34 வீடுகளுக்கும் பிரதி போகும், பள்ளிக்கூடச் சுவரில் ஒன்று மாட்டுவோம், இவை தவிர வேறெங்கும் போடமாட்டோம், அச்சடிக்க முன் உங்களுக்கும் பிள்ளைக்கும் காட்டுவோம் என்று ஒவ்வொன்றாக எழுதி, வாசித்துக் காட்டித்தான் கையொப்பம் வாங்கினேன். பின்வரிசை ஓரத்தைத் தேர்ந்தது பிள்ளைதான், பக்கத்தில் நிற்பது அவருடைய சிநேகிதி.

அப்பிடி என்ன பிரச்சினை, ஏன் அண்டைக்கு வரேல்லை?

அதைச் சொல்லமாட்டேன். அவர்கள் சம்மதம் தந்தது படத்துக்கு மட்டும், வராத காரணத்தை வெளியில் சொல்வதற்கு இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததாகவே இருக்கட்டும். தயவுசெய்து பிள்ளையிடமும் கேட்க வேண்டாம், உங்கள் பிள்ளையை விட்டுக் கேட்பிக்கவும் வேண்டாம்.

எங்கட காலத்தில “சமுகமளிக்காதோர்” எண்டு கீழ பேரைப் போட்டு விடுவினம். அதே காணாதோ? இல்லாட்டி எல்லாரையும் கூப்பிட்டு இன்னொருக்கா எடுத்திருக்கலாமே.

திருப்பி எடுக்கத்தான் முதலில் நினைத்தோம். ஆனால் தவணைப் பரீட்சைக்கு முந்திய கிழமை, விளையாட்டுப் போட்டிக்குப் போன பிள்ளைகள் வேறு. 34 பேரும் வருகிற ஒரு நாள் கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. திருப்பி எடுக்கிற அன்றைக்கு வேறு இரண்டு பேர் வராமல் விட்டால் அவர்களுக்கு என்ன சொல்வது?

பெயரை மட்டும் போடுவதும் நேர்மையான வழிதான், பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் வன்னியில் இருக்கிற எங்களுக்கு வகுப்புப் படம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. 2009 இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனை! அண்ணனின் முகம் இருக்கிற ஒரே படம், வேறு யாரோ வகுப்புத் தோழன் வீட்டில் தப்பிக் கிடந்த குழுப்படம்தான் என்று அதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெருப்பித்துச் சுவரில் வைத்திருக்கிற வீடு எங்கள் ஊரிலும் உண்டு. பெயரைப் பெருப்பித்து வைக்க முடியாது. கீழே பெயராக மட்டும் நிற்பதற்கும் மேலே முகத்தோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்த வழியைப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன்.

பாஸ்போட் படம் ஒண்டைக் குடுத்தால் ஸ்ருடியோக்காரர் ஒட்டியிருப்பார். ஏன் திருப்பி வரப்பண்ணி இவ்வளவு மினக்கெட்டனீங்கள்?

ஒட்டியிருப்பார், ஆனால் பார்த்த உடனேயே ஒட்டு என்று தெரிந்திருக்கும். காரணம் கத்தரிக்கிற கையில் இல்லை, எடுத்த தூரத்தில் இருக்கிறது. பாஸ்போட் படம் ஒன்றரை இரண்டு மீற்றர் தூரத்தில் எடுப்பது. அவ்வளவு கிட்ட நின்று எடுக்கும்போது மூக்கும் நெற்றியும் கொஞ்சம் முன்னுக்கு வந்து பெரிதாகவும், காது பின்னுக்குப் போய்ச் சின்னதாகவும் விழும். வகுப்புப் படம் ஏழு மீற்றர் தள்ளி நின்று எடுத்தது. அந்தத் தூரத்தில் முகம் தட்டையாக விழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் “இந்த முகம் மட்டும் வேற மாதிரிக் கிடக்கு” என்று கண் சொல்லிவிடும். அதோடு ஸ்ருடியோவில் இரண்டு பக்கமும் விளக்கு, பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பக்க வெளிச்சம். பாஸ்போட் படம் நெஞ்சோடு முடிந்துவிடும் என்பதும் இன்னொரு தொல்லை.

அதனால் எங்கள் படப்பிடிப்பாளர் செய்தது இது. முதல் நாளே கமரா ஸ்ராண்டின் மூன்று கால்களும் நின்ற இடத்தைச் சீமெந்து நடைபாதையில் வெண்கட்டியால் அடையாளம் பண்ணி, நான் அதன்மேல் பெயின்றால் புள்ளி வைத்தேன். கமராவின் உயரத்தையும் குறித்து வைத்தார். பின்வரிசை ஏறி நின்ற வாங்கு எந்தத் தூணுக்கு நேரே இருந்தது என்பது முதல் படத்திலேயே தெரிகிறது. அடுத்த வியாழன் காலை அதே நேரம், அதே புள்ளிகளில் கமராவை வைத்து, அதே லென்சைப் போட்டு, வாங்கையும் அதே இடத்தில் போட்டு மாணவியை ஏற்றினோம். சிநேகிதியையும் முதல் நாள் நின்ற இடத்திலேயே பக்கத்தில் நிற்கவைத்தோம். அது ஏனென்றால், பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியே நிற்கிற பிள்ளை தோளை ஒடுக்காமல் விறைப்பாக நிற்கும், பக்கத்து ஆளின் நிழலும் தோளில் விழாது. இரண்டாவது நாள் எடுத்த சிநேகிதியின் படம் கடைசிப் படத்தில் இல்லை, முதல் நாள் எடுத்ததுதான் இருக்கிறது.

படத்தின் நடுவில் எடுத்து ஓரத்தில் கொண்டுபோய் வைக்காமல் ஓரத்திலேயே நிற்கவைத்ததற்கும் காரணம் உண்டு. பெரிய குழுவை அடக்குகிற அகலமான லென்சில் ஓரத்தில் நிற்கிறவர்கள் நடுவில் நிற்கிறவர்களைவிடக் கொஞ்சம் அகலமாக விழுவார்கள். உங்கள் பிள்ளை ஓரத்தில் நின்றிருந்தால் “என்ர பிள்ளை இவ்வளவு குண்டில்லையே” என்று தோன்றியிருக்கும், அது இதனால்தான். நடுவில் எடுத்த பிள்ளையை ஓரத்தில் வைத்தால் அவர் மட்டும் ஒடுங்கித் தெரிவார்.

அப்ப கொம்பியூட்டரில என்னதான் செய்தவை? முகத்தைக் கிகத்தை மாத்தினவையோ?

முகத்தில் கைவைக்கவில்லை. கமரா அசையாமல் அதே இடத்தில் நின்றதால் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது தூணும் யன்னல் கம்பியும் அப்படியே பொருந்தின. அதனால் பிள்ளையைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ தேவைப்படவில்லை. தலைமயிரைச் சுற்றி வெட்டவும் இல்லை. பின்னால் உள்ள சுவரோடு சேர்த்து ஒரு துண்டாக எடுத்ததால் வெட்டு வெறும் சுவரில் போகிறது. சிநேகிதியின் தோளோடு முட்டுகிற ஒரு கோட்டில் மட்டும்தான் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே முன்வரிசைப் பிள்ளைகள் மறைத்து நிற்பதால் காலும் கால்நிழலும் பிரச்சினை இல்லை. முன்வரிசையில் கதிரையில் இருத்திச் சேர்ப்பதென்றால் இவ்வளவு சுலபமில்லை, நிலத்தில் விழுகிற நிழலையும் சேர்த்துப் பொருத்த வேண்டும்.

நிறம்தான் நேரமெடுத்தது. முதல் நாள் முற்றத்துக் கிரவல் காய்ந்து கிடந்தது, வெயில் அதில் பட்டுத் தெறித்து எல்லாருடைய நாடிக்குக் கீழும் வெள்ளைச் சட்டையிலும் ஒரு செம்மை. இரண்டாம் முறை எடுக்க முந்திய இரவு மழை பெய்து கிரவல் ஈரமாகிவிட்டது, ஈரக் கிரவல் அவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் அந்தப் பிள்ளையின் சட்டை மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையாக விழுந்தது. சிநேகிதியின் முதல் நாள் சட்டையையும் இரண்டாம் நாள் சட்டையையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வெள்ளையாக வரும்வரை நிறத்தைத் திருத்தி, அதே திருத்தத்தை மாணவிக்கும் போட்டார். சிநேகிதியை இரண்டாம் முறை நிறுத்தியது இதற்கும் உதவியது.

உத்துப் பாத்தா எதில கண்டுபிடிக்கலாம்?

பெரிய பிரதியில் சிநேகிதியின் தோள் மாணவியோடு முட்டுகிற பக்கத்தைப் பாருங்கள். அந்த விளிம்பு மற்றத் தோள்களைவிட ஒரு மயிரளவு கூர்மையாக இருக்கும். மாணவியின் நாடிக்குக் கீழே உள்ள செம்மையும் மற்றவர்களைவிடக் குறைவு. நிறத்தைத் திருத்தினாலும் வெளிச்சம் வராத இடத்தில் வெளிச்சத்தை வரவைக்க முடியாது, அப்படியே விடச் சொன்னேன்.

பொதுவாக இப்படிச் சேர்த்த படங்களில் முதலில் பார்க்க வேண்டியது நிழல்தான். எல்லாருடைய மூக்கு நிழலும் ஒரு பக்கம் விழ, ஒருவருடையது மற்றப் பக்கம் விழுந்தால் அவர் வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவர். அடுத்தது தலைமயிரைச் சுற்றி வெளிறிய கோடு இருக்கிறதா என்பது.

என்ர மகளுக்குப் பின்னால நிப்பாட்டியிருக்கிறீங்கள். அவளின்ர படத்திலயும் கைவைச்சதுதானே?

சிநேகிதியிடமும் அவருடைய பெற்றோரிடமும் கேட்டோம், அவர்கள் சம்மதித்துத்தான் இரண்டாம் முறை வந்து நின்றார். மற்ற யாரையும் தள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பின்வரிசையின் அந்த ஓரத்தில் முதல் படத்தில் சுவர் மட்டும்தான் இருந்தது. நம்பிக்கையில்லாவிட்டால் என்னிடம் முதல் படம் இருக்கிறது, வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செத்த ஆக்களைத்தான் இப்பிடி படத்தில சேர்க்கிறது. உசிரோட இருக்கிற பிள்ளைக்கு இது கூடாது எண்டு அம்மம்மா சொல்றா.

அம்மம்மா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். எங்கள் ஊர்களில் ஸ்ருடியோக்காரர்கள் செய்கிற சேர்ப்பு வேலை அநேகமாக அதுதான். கலியாணப் படத்தில் இல்லாத தகப்பனைச் சேர்ப்பது, காணாமல் ஆக்கப்பட்ட மகனைக் குடும்பத்தோடு நிறுத்துவது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் மடியில் வைத்துக்கொண்டு இருந்ததும் படங்கள்தான். அப்படியான மண்ணில் “இல்லாத பிள்ளையைப் படத்தில் சேர்த்தோம்” என்று கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும்.

அதனால்தான் பழைய படம் எதையும் எடுக்காமல், பிள்ளையையே கூட்டிவந்து, வாங்கில் ஏற்றி, பக்கத்தில் சிநேகிதியை விட்டு எடுத்தோம். மாணவியின் அம்மாவுக்கும் இதே யோசனை இருந்தது. இரண்டாம் முறை எடுத்தபோது அவரும் வந்து கமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அம்மம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் சேர்க்காத முதல் படத்தின் பிரதியைத் தருகிறேன், அதில் கீழே “சமுகமளிக்காதோர்” என்று பெயர் இருக்கும்.

எப்பிடிச் சொன்னாலும் நடக்காத ஒண்டைக் காட்டுற படம்தானே. நாளைக்கு ஆரும் இதை அத்தாட்சியாக் காட்டினால்?

இந்தக் கேள்விக்காகத்தான் குறிப்பைப் படத்தின் பின்பக்கத்தில் எழுதாமல் முன்பக்கத்தில் அச்சிட்டோம். பின்பக்கத்தில் எழுதினால் பிரேமுக்குள் போனதும் மறைந்துவிடும், போனில் படம் பிடித்து அனுப்பினாலும் வராது. கீழ்ப்பட்டியில் இருந்தால் படத்தோடேயே போகும். யாராவது பட்டியை வெட்டிவிட்டு அனுப்பினால் அதை எங்களால் தடுக்க முடியாது. அதனால் முதல் படம், இரண்டாம் படம், சேர்த்த படம் மூன்றும், சம்மதக் கடிதத்தின் பிரதியோடு அலுவலகத்தில் அதிபரிடம் இருக்கின்றன. யாருக்காவது சந்தேகம் வந்தால் அங்கே பார்க்கலாம்.

வரவு இடாப்பில் அந்த நாளுக்கு அந்தப் பிள்ளை வரவில்லை என்றுதான் இருக்கிறது, அப்படியேதான் இருக்கும். வகுப்புப் படம் யார் இந்த வகுப்பில் படித்தார்கள் என்பதைக் காட்டும். யார் எந்த நாள் வந்தார்கள் என்பதற்கு இடாப்புத்தான் அத்தாட்சி.

பேருக்கு மேல குறி போட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்காதோ?

இருக்கலாம் என்று நானும் நினைத்தேன், அதனால் அந்த வசனத்தை அச்சடிக்க முன் பிள்ளையிடம் காட்டினேன். பெயரைத் தனியாகப் போட வேண்டாம், மற்றவர்களோடு வரிசையில் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார், அப்படியே செய்தோம். குறியே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சேர்க்காமல் விட்டிருப்போம். குறிப்பு இல்லாமல் சேர்ப்பதற்கு நான் உடன்பட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

அப்ப என்ர மகன் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறான், அதையும் மாத்தித் தாங்கோ. முகத்தையும் கொஞ்சம் வெள்ளையாக்கினால் நல்லது.

கண்ணை மூடின பிரச்சினைக்கு வழி இருக்கலாம். ஒரே நிற்பில் தொடர்ந்து பல படங்கள் எடுத்திருக்கிறார், 33 பேரும் ஒரே நேரத்தில் கண் திறந்திருப்பது அரிது என்பது படப்பிடிப்பாளர்களுக்குத் தெரியும். அதே நிமிடத்தில் எடுத்த வேறு படத்தில் மகன் கண் திறந்து நின்றால் அந்த முகத்தை எடுக்கலாம், மகனிடம் கேட்டுக்கொண்டு. எல்லாவற்றிலும் மூடியிருந்தால் வேறு நாள் எடுத்த கண்ணைக் கொண்டுவந்து வைக்கமாட்டோம்.

வெள்ளையாக்க மாட்டோம். ஒருவருக்கும் இல்லை. பிள்ளை தன் சொந்த நிறத்தில் நிற்கட்டும். ஸ்ருடியோவில் வழக்கமாகச் செய்து தருவார்கள் என்று தெரிந்துதான், செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

போன வருசம் கனடாவுக்குப் போன பிள்ளையும் இந்த வகுப்புத்தானே. தாய் வட்சப்பில படம் அனுப்புறன் எண்டு சொல்றா, அதையும் சேருங்கோவன்.

அந்தப் பிள்ளையை எனக்கும் நல்ல விருப்பம், ஆனால் சேர்க்க முடியாது. படம் எடுத்த நாளில் வகுப்பு இடாப்பில் பெயர் இருந்தவர்கள்தான் இந்தப் படத்தில். அந்தக் கோட்டைத் தாண்டினால் இடையில் விலகிப் போன எல்லாரையும் சேர்க்க வேண்டி வரும், எங்கள் பக்கத்தில் இடம் மாறிப் போன பிள்ளைகள் கொஞ்ச நஞ்சமில்லை. அதோடு கனடாவில் எடுத்த படத்தில் தூரம், வெளிச்சம், லென்ஸ் எதுவும் பொருந்தாது, பாஸ்போட் படத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும்தான். வட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கியும் போய்விடும், 8க்கு 12 அங்குலப் பிரதியில் அந்த முகம் மட்டும் கலங்கித் தெரியும். தாயிடம் நானே பேசுகிறேன். தரம் 10 இல் எடுத்த படத்தில் அந்தப் பிள்ளை நிற்கிறது, அதன் பிரதியை அனுப்பலாம்.

பேஸ்புக்கில போடலாமோ? பிறகு அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு சொன்னால் என்ன செய்வியள்?

போட வேண்டாம். சம்மதம் எதற்கெல்லாம் என்று மேலே எழுதியிருக்கிறேன், பேஸ்புக் அதில் இல்லை. வகுப்பு வட்சப் குழுவிலும் நான் போடவில்லை. உங்கள் பிள்ளை நிற்கிற பகுதியை மட்டும் வெட்டிப் போடுவது உங்கள் விருப்பம், அதிலும் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் முகம் வந்தால் அவர்கள் வீட்டில் ஒரு சொல் கேளுங்கள்.

அச்சுக்குப் போகும்வரை எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணமும் சொல்லத் தேவையில்லை என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். அச்சடித்து வீடுகளுக்குப் போன பிறகு 34 பிரதிகளையும் திருப்பி வாங்க முடியாது என்பதையும் அப்போதே சொன்னேன். அதை மறைத்துச் சம்மதம் வாங்குவது சரியில்லை. இனிமேல் மனம் மாறினால் சுவரில் மாட்டியதைக் கழற்றி முதல் படத்தை மாட்டுவோம், ஸ்ருடியோவில் இருக்கிற சேர்த்த கோப்பையும் அழிப்பிப்போம், மேலதிகப் பிரதி அடிக்கமாட்டோம்.

சேர்க்காத பிரதி வேண்டுமென்றவர்களும், கண் மூடின பிள்ளைகளின் பெற்றோரும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து விடுங்கள். அடுத்த கிழமை ஸ்ருடியோவுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிடுவேன்.